ரிசப்ஷனில் அவசர அழைப்பு: 304-ம் அறைக்கும் 108-க்கும் நடுவில் நின்று பேசுவது எப்படி

நான் லாட்ஜ் ரிசப்ஷனில் சேர்ந்த முதல் வருஷம். இரவு டூட்டி. இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் பாத்ரூமில் விழுந்துவிட்டார். 108-க்கு அழைத்து, "மேல மாசி வீதி பக்கம், லாட்ஜு, மேல மாடி, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆம்புலன்ஸ் நேராக மேல மாசி வீதிக்குப் போய்விட்டது. எங்கள் லாட்ஜ் இருந்ததோ அதற்கு இணையாக ஓடும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில். வழி கேட்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர் திரும்ப அழைத்தபோது லைன் கிடைக்கவில்லை. அதே போனில் நான் முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவருக்கு இடுப்பில் அடி, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அன்று வீணான நிமிஷங்கள் முழுக்க என் வாயால் வீணானவை. மதுரையில் கோயிலைச் சுற்றி லாட்ஜ்களில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் வீதிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முகவரிச் சீட்டை இன்றைக்கே எழுதுங்கள்

அவசரத்தில் நாம் வேலை செய்யும் இடத்தின் முகவரியே மறந்துபோகும். நம்ப மாட்டீர்கள், ஆனால் போகும். அதனால் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, போனுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 108-ல் போனை எடுப்பவர் உங்கள் தெருமுனையில் இல்லை, சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். "டீக்கடைக்கு எதிர்ல" என்பது அவருக்கு ஒன்றுமே இல்லை. "காந்தி ரோடு", "ஸ்டேஷன் எதிரில்" என்றால் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் அவர் முன்னால் வந்து நிற்கும். ஆகவே பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும்: மாவட்டம், ஊர், வீதி, கதவு எண், அடையாளம்.

எங்கள் சீட்டு இப்படி இருக்கும்:

"மதுரை மாவட்டம், மதுரை டவுன். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. மேல மாசி வீதி இல்லை. கதவு எண் இன்னது. லாட்ஜ் பெயர் இன்னது. ரயில் நிலையத்துக்கு எதிரில் டவுன்ஹால் ரோடு. அந்த டவுன்ஹால் ரோடும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும் சந்திக்கிற முக்கில் எங்க ஆள் டார்ச் லைட்டோட நிற்பார்."

"மேல மாசி வீதி இல்லை" என்பதைச் சும்மா எழுதவில்லை. கோயிலைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு உண்டு. எதனோடு குழம்புமோ அந்தப் பெயரையும் சொல்லி விலக்கிவிட வேண்டும். இன்னொரு தொல்லை, "மேல" என்றால் நமக்கு மேற்கு, கேட்பவருக்கு மாடி. "மேல வீதி, மேல மாடி" என்று ஒரே மூச்சில் சொன்னால் குழப்பம்தான். வீதியை முதலில் முடியுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் மாடிக்குப் போங்கள்.

மாடியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிலர் தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணுவார்கள். "தரைத்தளத்துக்கு மேல மூணாவது மாடி, ரூம் நம்பர் மூணு, பூஜ்யம், நாலு" என்று சொல்லுங்கள். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதுதான் சரி. வேகமாகச் சொல்லும்போது முந்நூற்றி நாலும் நானூற்றி நாலும் போனில் ஒன்றுபோலக் கேட்கும்.

சீட்டின் கடைசி வரி லிஃப்ட். பல லாட்ஜ்களின் லிஃப்டில் நாலு பேர் நின்றாலே நெருக்கம், ஸ்ட்ரெச்சர் படுக்கைவாட்டில் நுழையாது. அளந்து பார்த்து எழுதி வையுங்கள். "லிஃப்ட் இருக்கு, ஸ்ட்ரெச்சர் போகாது, படி அகலம் மூணரை அடி" என்று போனிலேயே சொல்லிவிட்டால், வருகிறவர்கள் உட்கார வைத்துத் தூக்குகிற நாற்காலியையோ மடக்குகிற ஸ்ட்ரெச்சரையோ முதலிலேயே கையில் எடுத்துக்கொண்டு ஏறலாம். இல்லாவிட்டால் மூன்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு, திரும்ப இறங்கி எடுத்துவர வேண்டும்.

அப்புறம், சித்திரைத் திருவிழாத் தேரோட்டம் மாசி வீதிகளில்தான். அன்றைக்கு வண்டி எந்த முக்குவரை வரும் என்பதைக் காலையிலேயே பந்தோபஸ்துப் போலீஸிடம் கேட்டு, சீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

எந்தப் போனில் பேசுவது

இன்டர்காம் ஒரு கையில், செல்போன் மறு கையில். அறையில் இருப்பவரோடு இன்டர்காமில், 108-ஓடு செல்போனில். ரிசப்ஷன் லேண்ட்லைனில் வெளியே பேச முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டியிருந்தால், பதற்றத்தில் அதை மறந்து 108-ம் அறைக்கு மணியடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் எழுந்த 108-ம் அறைக்காரர் என்ன செய்வார் பாவம்.

எந்தச் செல்லிலிருந்து அழைத்தீர்களோ அந்த எண்ணுக்குத்தான் ஆம்புலன்ஸிலிருந்து திரும்ப அழைப்பார்கள். வண்டி வந்து சேரும்வரை அந்தப் போனில் வேறு யாரிடமும் பேசாதீர்கள். முதலாளிக்குச் சொல்ல ரூம் பாயின் போன் இருக்கிறது. 108 கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் 112-ஐ முயலுங்கள்.

இரண்டு அர்த்தம் உள்ள வார்த்தைகள்

இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். விருந்தினர் பதறிப்போய்ச் சொல்கிற தமிழ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பொருள் இருக்கும். அதை அப்படியே 108-க்குக் கடத்தினால் அவர்கள் தவறான கேள்வியில் ஆரம்பிப்பார்கள்.

"மயக்கமா இருக்கார்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றி உட்கார்ந்திருப்பவருக்கும் மயக்கம், நினைவே இல்லாமல் கிடப்பவருக்கும் மயக்கம். "இழுக்குது" இன்னும் மோசம். ஆஸ்துமாவுக்கும் இழுப்பு என்பார்கள், வலிப்பில் கைகால் வெட்டுவதற்கும் இழுப்பு என்பார்கள், இதயம் நின்றுபோனவர் விட்டுவிட்டு ஏங்குகிற மூச்சையும் "இழுத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. "பேச்சு மூச்சு இல்ல" என்பார்கள். பேச்சு மட்டும் இல்லையா, மூச்சும் இல்லையா என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி, அந்தச் சொல்லோ இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. "கேஸ்தான், வாய்வுதான்" என்று விருந்தினரே சொல்கிற நெஞ்சு வலியையும் நம்பாதீர்கள். வேர்த்துக் கொட்டினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ போனால், வாய்வு என்ற வார்த்தையை 108-க்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, பெயரைக் கேட்காமல், கண்ணுக்குத் தெரிவதைக் கேளுங்கள். இந்த வரிசையில்:

"அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டுங்க. கண்ணைத் திறக்கிறாரா? பதில் சொல்றாரா?"

"நெஞ்சையும் வயித்தையும் பாருங்க. ஏறி இறங்குதா? ஒழுங்கா வருதா, இல்ல நின்னு நின்னு ஒரு ஏக்கம் மாதிரி வருதா?"

"வேர்க்குதா? வலி எங்கே, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"எங்காவது ரத்தம் வருதா?"

முதல் இரண்டு கேள்விக்குப் பதில் வந்ததுமே 108-ஐ அழைத்துவிடுங்கள். மற்றவை அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே வரட்டும். ராமேஸ்வரம் போகிற வழியில் தங்கும் வடநாட்டு யாத்திரிகர்கள் நிறைய என்பதால் இரண்டு இந்தி வாக்கியமும் சீட்டில் இருக்கட்டும்: "ஸான்ஸ் ச்சல் ரஹீ ஹை?" என்றால் மூச்சு ஓடுகிறதா. "தர்வாஜா கோல் தீஜியே" என்றால் கதவைத் திறந்துவிடுங்கள்.

ஒரு விடிகாலை, 5.10 மணி

304-ல் தங்கியிருக்கும் அம்மா இன்டர்காமில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டூட்டியில் நீங்களும் ரூம் பாயும் வாட்ச்மேனும்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ பண்ணுது சார், சீக்கிரம் வாங்க..."

"அம்மா, நான் ரிசப்ஷன்ல இருந்து பேசுறேன். லைன்லயே இருக்கேன், வைக்க மாட்டேன். அவர் பேசுறாரா?"

"பேசுறார், நெஞ்ச அடைக்குதுங்கிறார், சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"சரிம்மா. கட்டில்ல தலையணையைச் சாய்ச்சு, அவரை உட்கார்ந்த வாக்குல சாய்ஞ்சுக்கச் சொல்லுங்க. எழுந்து நடக்க வேண்டாம், பாத்ரூமுக்கும் வேண்டாம். சட்டைப் பட்டனைக் கழட்டுங்க. இப்போ கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுட்டு வந்து மறுபடி போனை எடுங்க."

தாழ்ப்பாள் முக்கியம். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவால் அவரை விட்டு நகர முடியாமல் போகலாம். உள்பக்கம் தாழ் போட்டிருந்தால் உங்கள் மாஸ்டர் சாவியாலும் பயனில்லை. அவர் கதவுக்குப் போய்வருகிற நேரத்தில் ரூம் பாயை 304-க்கு அனுப்புங்கள், வாட்ச்மேனை டார்ச்சோடு முக்குக்கு அனுப்புங்கள், செல்லில் 108-ஐ அழுத்துங்கள்.

"வணக்கம். மதுரை மாவட்டம், மதுரை டவுன், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில இருந்து பேசுறேன். லாட்ஜ் ரிசப்ஷன். ஆண், 62 வயசு. நெஞ்சை அடைக்கிற மாதிரி வலி, நல்லா வேர்க்குது. நினைவு இருக்கு, பேசுறார். மூச்சு இருக்கு. என் நம்பர்..." எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லிவிட்டு, "முகவரியை ஒருதடவை திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். வயதை மனைவியிடம் கேட்டு நேரம் கடத்த வேண்டியதில்லை, செக்-இன் செய்தபோது எழுதியது ரெஜிஸ்டரில் இருக்கிறது.

கவனித்தீர்களா, "ஹார்ட் அட்டாக்" என்ற வார்த்தை இதில் இல்லை. அது மருத்துவர் வைக்க வேண்டிய பெயர். நீங்கள் சொன்னால், இன்னொரு போனில் மனைவிக்கும் கேட்கும்.

108-ல் இருப்பவர் சொல்லும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். அவர் கேட்பதை இன்டர்காமில் கேட்டு, வந்த பதிலை வந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். உங்கள் விளக்கம் சேர வேண்டாம். "சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரா? எதுக்காவது அலர்ஜி உண்டா?" என்று கேட்பார்கள். மாத்திரை உறையைப் பார்த்து அந்த அம்மா படிக்கட்டும்.

ரிசப்ஷன் டிராயரில் கிடக்கும் எந்த மாத்திரையையும் மேலே கொடுத்தனுப்பாதீர்கள். அவருடைய மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்து அவரே வைத்திருக்கும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருந்தால், அது இருக்கிறது என்று 108-க்குச் சொல்லுங்கள். போடலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். காபி, சோடா, வெந்நீர் எதுவும் வேண்டாம். சோடா கேட்டு இன்னொரு அறைக்காரர் ஓடி வருவார், அவரையும் அன்பாகத் தடுக்க வேண்டும்.

5.17. அந்த அம்மாவின் குரல் மாறுகிறது.

"ஐயோ, சாஞ்சுட்டார் சார், பேச்சு மூச்சில்ல..."

இப்போது கத்தாதீர்கள். அவர் குரல் ஏறும்போது உங்கள் குரல் ஒரு படி இறங்க வேண்டும். வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.

"அம்மா, தோளைத் தட்டுங்க. கண்ணைத் திறக்கிறாரா?"

"இல்ல."

"நெஞ்சைப் பாருங்க. ஏறி இறங்குதா?"

"எப்பவோ ஒண்ணு இழுக்குது."

எப்போதோ ஒன்று இழுப்பது மூச்சில்லை. இதயம் நின்ற முதல் சில நிமிஷங்களில் உடம்பு அப்படி ஏங்கும். குறட்டை மாதிரியும் கேட்கும். அதை மூச்சு என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த இடத்தில் நடக்கிற பெரிய தவறு. 108-க்கு உடனே, "நினைவு போயிடுச்சு, சரியான மூச்சு இல்லை, ஏக்கம் மட்டும்தான்" என்று சொல்லுங்கள். அவர்கள் நெஞ்சை அழுத்தச் சொல்வார்கள். நீங்கள் இன்டர்காமில் கடத்த வேண்டியது:

"போனை ஸ்பீக்கர்ல போடுங்க. எங்க பையன் வந்துட்டானா? ரெண்டு பேருமா அவரைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. மெத்தையில வேண்டாம். நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பகுதியை வைங்க, அது மேல இன்னொரு கையை வைங்க. முழங்கையை மடக்காம, நேரா கீழ அழுத்துங்க. ரெண்டு இஞ்சு இறங்கணும். விட்டதும் நெஞ்சு முழுசா மேல வரணும். நான் எண்ணுறேன், என்கூட அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் இறங்கும், நெஞ்சு இறங்காது. வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இதைக் கடிகார முள்ளைப் பார்த்து வாயால் எண்ணிப் பழகிவிடுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் எண்ணிக்கை ஓடிவிடும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்லுங்கள். அழுத்துகிறவருக்குக் கை சோர்ந்தால் ஆழம் குறைந்துவிடும், அது அவருக்கே தெரியாது. "எலும்பு உடைஞ்சிடும் போல இருக்கு சார்" என்பான் பையன். உடையலாம். நிறுத்த வேண்டாம். ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர் கையை எடுக்கச் சொல்லும்வரை, அல்லது விழுந்தவர் தானாகவே அசைந்து ஒழுங்காக மூச்சு விடும்வரை எண்ணிக்கொண்டே இருங்கள்.

இங்கே ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். போனில் நீங்கள் நன்றாகச் சொன்னாலும், ஒருதடவைகூட பொம்மையின் மேல் அழுத்திப் பழகாத பையனுக்கு இரண்டு இஞ்சு என்றால் எவ்வளவு என்று புரியாது. முதலுதவிப் பயிற்சிக்கு ரூம் பாய்களையும் அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். அறைக்கு ஓடுகிறவர்கள் அவர்கள்தான்.

மற்ற மூன்று, சுருக்கமாக

வலிப்பு என்றால், "பக்கத்துல இருக்கிற நாற்காலி, மேசையைத் தள்ளி வைங்க. பிடிச்சு அமுக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க. எத்தனை நிமிஷம்னு பாருங்க. வெட்டு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க." இரும்புச் சாவி கேட்டு யாராவது ரிசப்ஷனுக்கு ஓடி வருவார்கள். நம்மிடம் கொத்துக் கொத்தாகச் சாவி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கொடுப்பதால் வலிப்பு நிற்காது, கையில்தான் குத்தும்.

வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். இதில் 108-க்கும் மருத்துவமனைக்கும் தேவையான தகவல் ஒன்று, பல நேரம் ரிசப்ஷனிடம் மட்டுமே இருக்கும். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். தனியாகத் தங்கியவர் என்றால், "ராத்திரி 10.40-க்கு எங்கிட்ட சாவி வாங்கினார், நல்லா பேசினார்" என்ற உங்கள் ஒரு வரிதான் ஆதாரம். சாவி கொடுக்கும்போது நேரம் எழுதுகிற பழக்கம் இதற்காகவும்தான்.

விரதம் இருந்து கோயிலைச் சுற்றிவிட்டு வந்த சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டவர், உளறுகிறார், நடுங்குகிறார், வேர்க்கிறது என்றால், விழுங்குகிற தெளிவு இருந்தால் மட்டும் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அழைத்தவர் திடீரென்று பேசாமல் போனால்

தனியாகத் தங்கியவர் இன்டர்காமை எடுத்து முனகிவிட்டு நிறுத்திவிட்டால், லைனைத் துண்டிக்காதீர்கள், காதில் வைத்துக் கேளுங்கள். மாஸ்டர் சாவியோடு இரண்டு பேர் போகட்டும், ஒருவர் தனியாகப் போக வேண்டாம். ஆள் பாத்ரூமில் விழுந்து கிடந்தால் கதவு உள்பக்கம் திறக்கிற கதவா என்று பாருங்கள். உடம்பு கதவை அடைத்துக்கொண்டிருக்கும்போது வேகமாகத் தள்ளினால் அவர் தலையில்தான் இடிக்கும். "ஆள் கதவுக்குப் பின்னால கிடக்கிறார், கதவு முழுசாத் திறக்கல" என்பதை 108-க்குச் சொல்லுங்கள். இன்டர்காம் வயர் கட்டில்வரைதான் எட்டும் என்பதால், இந்த இடத்தில் போன பையனின் செல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வண்டி வந்ததும்

முக்கில் நிற்கும் வாட்ச்மேன் வண்டிக்கு முன்னால் நடந்து வர வேண்டும். வாசலில் நிற்கும் பைக்குகளை அதற்குள் நகர்த்தியிருக்க வேண்டும். லிஃப்டைத் தரைத்தளத்தில் திறந்தபடி பிடித்து வையுங்கள், ஸ்ட்ரெச்சர் போகாவிட்டாலும் ஆட்களும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஏறலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சீட்டில் நேரங்களைக் கிறுக்கியிருப்பீர்கள். 5.10 அழைப்பு, வலி ஆரம்பித்தது 4.45 என்று மனைவி சொன்னது, 5.12 108, 5.17 நினைவு போனது, 5.18 அழுத்த ஆரம்பித்தது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. செல்லில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சீட்டை மருத்துவ உதவியாளர் கையில் கொடுங்கள். அந்த அம்மா கூடவே ஏறிப் போவார், பெரும்பாலும் செருப்பில்லாமல், பர்ஸ் இல்லாமல். அவருடைய செருப்பு, கணவரின் மாத்திரைப் பை, ஆதார், போன் சார்ஜர் நான்கையும் ஒரு பையில் போட்டு வண்டியில் வைத்துவிடுங்கள். 304-ஐ அவர் ஊரிலிருந்து யாராவது வரும்வரை பூட்டியே வைத்திருங்கள்.